காரைக்குடியில் 39, சென்னையில் 36. ராத்திரி தூக்கம் கெடுவது மட்டும் சென்னையில் ஏன்?

கல்லுக்கட்டி
மே மாசம் பகலில் பார்த்தால் காரைக்குடிதான் சூடு. 39, 40 என்று போகும். சென்னை 36, 37-ல் நின்றுவிடும். ராத்திரி ஆப்பில் பார்த்தால் இரண்டு ஊருக்கும் ஒரு டிகிரிதான் வித்தியாசம், 28, 29. ஆனாலும் இங்கே மொட்டை மாடியில் பாயை விரித்தால் கண் சொக்குது, அங்கே ஃபேன் முழு வேகத்தில் ஓடினாலும் தலையணை நனையுது. கடல் பக்கம் என்றால் குளிர்ச்சி என்றுதானே சொல்வார்கள்?

கேட்பதற்குக் காரணம் இருக்கு. எங்க அப்பச்சியும் ஆத்தாளும் இந்தக் கோடைக்குச் சென்னையில் தம்பி வீட்டில் இருக்கிறார்கள். கடைசி மாடி ஃப்ளாட். அப்பச்சிக்கு 74 வயசு, பிரஷர் மாத்திரையோடு நீர் மாத்திரையும் போகுது. நாலைந்து நாளாக ராத்திரி உட்கார்ந்தே இருக்காராம்.

பள்ளத்தூர் மேஸ்திரி
இதில் யோசிக்க ஒண்ணுமில்லை தம்பி. எல்லாம் கான்கிரீட். பகல் முழுக்க வெயிலைக் குடிச்சிட்டு ராத்திரி கக்குது. 5 அங்குலத் தளத்துக்கு மேலே பகல் ரெண்டு மணிக்கு உச்ச சூடுன்னா, அடிப்பக்கம் உச்சம் தொட சாயங்காலம் ஆறு, ஏழு ஆகும். நள்ளிரவு தாண்டியும் சூடு இறங்கிட்டுத்தான் இருக்கும். அதோட தார் ரோடு, நெருக்கமான சந்து, வீட்டுக்கு வீடு ஏ.சி. வெளியே தள்ளுற அனல். மரத்தை வெட்டி மாடி கட்டினா வேற என்ன ஆகும்? கடலுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது.

ஈரக்குமிழ்
அண்ணே, தளத்தைப் பற்றி நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. கடலுக்குச் சம்பந்தமில்லை என்பதைத்தான் ஒத்துக்கொள்ள முடியாது. தொண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே எத்தனை மாடிக் கட்டடம் இருக்கிறது? தென்னையும் மணலும்தான். ஆனாலும் மே மாச இரவில் தேவகோட்டையில் இல்லாத பிசுபிசுப்பு தொண்டியில் இருக்கும். கான்கிரீட் பெரிய நகரத்தின் இரவை இரண்டு மூன்று டிகிரி தூக்கிவிடுகிறது. உடம்பில் ஒட்டுகிற அந்தப் புழுக்கம் காற்றில் இருக்கும் நீரால் வருவது.

இதைப் புரிந்துகொள்ள ஈரப்பத சதவீதத்தைப் பார்க்காதீர்கள், அது ஏமாற்றும். ஒரே அளவு நீர் உள்ள காற்று சூடானால் சதவீதம் இறங்கும், குளிர்ந்தால் ஏறும். வானிலை ஆப்பில் Dew Point என்று ஒரு எண் இருக்கும், நம் பாடப்புத்தகத்தில் பனிநிலை என்று படித்தது. காற்றில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதை அதுதான் நேராகச் சொல்லும்.

கல்லுக்கட்டி சொன்ன மாதிரியான ஒரு நாளைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். சென்னையில் பகல் 37 டிகிரி, ஈரப்பதம் 50. இரவு 29 டிகிரி, ஈரப்பதம் 80. சதவீதம் எகிறியது போலத் தெரிந்தாலும் இரண்டிலும் பனிநிலை 25தான், காற்றில் இருந்த நீர் அப்படியே இருக்கிறது. காரைக்குடியில் பகல் 39 டிகிரி, ஈரப்பதம் 30. இரவு 28, ஈரப்பதம் 55. இங்கே பனிநிலை 18 பக்கம். தெர்மாமீட்டரில் இரு ஊர் இரவுக்கும் ஒரு டிகிரி வித்தியாசம், பனிநிலையில் ஏழு டிகிரி.

இந்த ஏழு டிகிரி இரண்டு வேலை செய்கிறது. முதலாவது, பூமி இரவில் குளிர்வதே வானத்தை நோக்கி வெப்பத்தை வீசித்தான். காற்றில் உள்ள நீராவி அதில் பெரும்பங்கைப் பிடித்துக் கீழேயே திருப்பி அனுப்புகிறது. மேகமில்லாத இரவுக்குத் தோராயமாகக் கணக்குப் போட்டால், மேலே சொன்ன காரைக்குடி இரவில் ஒரு சதுர மீட்டர் தரை 70 முதல் 85 வாட் வரை இழக்கும். சென்னையில் 50 வாட் கூடத் தாண்டுவது கஷ்டம். இதற்கு மேல், மே மாதத்தில் வங்கக்கடலின் மேற்பரப்பே 30 டிகிரி பக்கம் இருக்கிறது. பகலில் அது வெயிலுக்குக் குளிர்ச்சி, இரவில் அதே தண்ணீர் கரையைச் சூடாக வைத்திருக்கிறது. தரை சீக்கிரம் ஆறிவிடும், கடல் ஆறாது.

இரண்டாவது வியர்வை. ஈரமான தோல் 35 டிகிரியில் இருக்கும்போது அதன் மேல் உள்ள நீராவி அழுத்தம் 56 மில்லிபார். சென்னைக் காற்றில் 32, காரைக்குடிக் காற்றில் 21. வியர்வையை இழுப்பது இந்த இடைவெளிதான்: அங்கே 24, இங்கே 35. ஃபேன் ஒரே வேகத்தில் ஓடினாலும் இங்கே ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆவியாகும். தலையணையில் சொட்டுகிற வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை, ஆவியாகும் வியர்வைதான் குளிர்விக்கும்.

புதுவயல் ராமு
அப்போ ஏர் கூலர் வாங்கிக் குடுத்துட வேண்டியதுதானே? எங்க வீட்டுல ஜில்லுனு இருக்கே. ஏ.சி. செலவில்லை, கரண்டும் கம்மி.

ஈரக்குமிழ்
ராமு, உங்கள் ஊரில் அது சரியான வாங்கல். சென்னையில் வேண்டாம். கூலர் காற்றை எவ்வளவு குளிர்விக்கும் என்பதற்கு ஒரு எல்லை உண்டு, ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் எண் அது. காரைக்குடியின் 39 டிகிரி, 30 சதவீதப் பகலுக்கு அந்த எண் 25. நல்ல கூலர் இடைவெளியில் முக்கால் பங்கு இறக்கும், அதாவது 39-ஐ 28.5 ஆக்கும். பத்து டிகிரி லாபம். சென்னையின் 29 டிகிரி, 80 சதவீத இரவுக்கு அந்த எண் 26. அதே கூலர் 29-ஐ 27 ஆக்கும், காற்றை ஏறக்குறைய முழுக்க நனைத்துத் தரும். ஜன்னலைச் சாத்திவிட்டு ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் அறை முழுக்கப் புழுக்கமாகிவிடும், மெத்தையும் சுவரும் பூஞ்சை பிடிக்கும். கூலர் பழுதில்லை, அந்த ஊர்க் காற்றில் அதற்கு வேலையில்லை.

நாச்சியா
செவிலியர் என்ற முறையில் உடம்புப் பக்கத்தைச் சொல்கிறேன். பகல் சூட்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், ராத்திரியை விட்டுவிடுகிறார்கள்.

தூங்கப்போகும் நேரத்தில் உடம்பின் உள் வெப்பம் இறங்க ஆரம்பிக்கும், விடியற்காலைக்குள் ஒரு டிகிரி வரை இறங்கும். கை கால் ஓரங்களுக்கு ரத்தம் அதிகமாகப் போய் அங்கிருந்து வெப்பம் வெளியேறுவதால் நடப்பது அது. தூக்கத்தைக் கொண்டுவருவதே இந்த இறக்கம்தான். சுற்றியுள்ள காற்று சூடாகவும் ஈரமாகவும் இருந்தால் வெப்பம் போக வழியில்லை. இதயம் தோலுக்கு ரத்தத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும், நாடித்துடிப்பு ஓய்வு நிலைக்கு இறங்காது, ஆழ்ந்த தூக்கமும் கனவு வரும் தூக்கமும் குறையும், அடிக்கடி விழிப்பு வரும். கனவுத் தூக்கத்தில் உடம்பு வெப்பத்தைச் சரிசெய்யும் திறனே குறைவு, அதனால் அந்த நேரத்தில்தான் திடுக்கிட்டு முழிப்பு வரும்.

ஒரு ராத்திரி இப்படிப் போனால் பரவாயில்லை. நாலைந்து ராத்திரி தொடர்ந்தால் மறுநாள் வெயிலை உடம்பு ஏற்கெனவே களைத்த நிலையில் சந்திக்கிறது. அதனால்தான் வெப்ப அலைச் சாவுகளில் பல, வீட்டுக்குள் தனியாக இருந்த முதியவர்களுக்கு, இதயம், நுரையீரல் நோயின் பேரில் நடக்கின்றன. 1995 ஜூலையில் சிகாகோவில் 700-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே பகல் சூடு மட்டும் காரணமல்ல, ஈரமான காற்று இரவிலும் இறங்கவில்லை. ஏ.சி. இல்லாத மேல் மாடிகளில் இருந்தவர்களுக்கு ஆபத்து கூடுதலாக இருந்தது.

கல்லுக்கட்டி, உங்க அப்பச்சி விஷயத்தில் மூன்று அபாயம் சேர்ந்திருக்கு: வயசு, நீர் மாத்திரை, மேல் மாடி. வயசானவங்களுக்குத் தாகமும் வியர்வையும் குறைவு. நீர் மாத்திரை உப்பையும் நீரையும் வெளியேற்றுகிறது. மாத்திரையை நீங்களாக நிறுத்திடாதீங்க. எழுதிக்கொடுத்த டாக்டரிடம் ராத்திரி நிலைமையைச் சொல்லி, இந்த மாசங்களுக்கு அளவு மாற்றணுமா, எவ்வளவு தண்ணி குடிக்கலாம்னு கேளுங்க. இதய பலவீனம் இருந்தால் நினைச்சபடி தண்ணி கொடுக்கவும் கூடாது. தினம் காலையில் எடை பாருங்க, இரண்டு நாளில் ஒன்றரை கிலோ குறைஞ்சாலோ ஏறினாலோ டாக்டருக்குப் போன். எழுந்து நிக்கும்போது தலை சுத்தல், சிறுநீர் கறுத்த மஞ்சளாகி அளவு குறைவது கவனிக்கணும். பேச்சு குழம்பினாலோ, கூப்பிட்டால் சரியாகப் பதில் வரலைன்னாலோ 108-க்கு அழைச்சிட்டு, வரும் வரை உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்தி விசிறணும். அந்த நிலையில் வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது.

கல்லுக்கட்டி
நன்றி ஆச்சி. டாக்டரிடம் நாளைக்கே பேசச் சொல்கிறேன். ஒரு சந்தேகம். சென்னைக்காரர்களுக்கு 28 டிகிரி இரவு வருஷா வருஷம் வருது. பழகிப்போய்விடாதா? டி.வி.யிலும் எச்சரிக்கை எதுவும் வரக் காணோம்.

ஈரக்குமிழ்
எச்சரிக்கை வராததற்குக் காரணம் விதியிலேயே இருக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை "சூடான இரவு" என்று அறிவிக்க, பகல் 40 டிகிரியைத் தொட்டிருக்க வேண்டும், இரவின் குறைந்தபட்சம் இயல்பைவிட 4.5 டிகிரிக்கு மேல் போக வேண்டும். 6.4-ஐத் தாண்டினால் "கடும் சூடான இரவு". வடக்கே உள்நாட்டு ஊர்களுக்கு இது பொருந்தும். சென்னையின் மே மாத இயல்புக் குறைந்தபட்சமே 28 பக்கம். அதற்கு மேல் 4.5 சேர்த்தால் 32.5 ஆகும். கடல் 30-ல் இருக்கும்போது காற்று விடியலில் 32.5-ல் நிற்பது ஏறக்குறைய நடக்காத காரியம். பகல் 40 என்ற நிபந்தனையும் கடற்காற்று வந்ததும் உடைந்துவிடும். ஆக, உடம்பு தூங்க முடியாத இரவுகள் வரிசையாக வந்தாலும் இந்த அளவுகோலில் அவை பதிவாகாது. கடலோரத்துக்குப் பனிநிலையையும் தொடர் இரவுகளின் எண்ணிக்கையையும் வைத்து ஒரு தனி விதி வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பழகுவதைப் பற்றி: வியர்வை சீக்கிரம் வரும், உப்பு குறைவாகப் போகும், அந்த அளவுக்கு உடம்பு பழகும். வந்த வியர்வை ஆவியாக இடமில்லை என்றால் அந்தப் பழக்கத்தால் என்ன பயன்?

நாச்சியா
அதை அவ்வளவு உறுதியாகச் சொல்ல வேண்டாமே அண்ணே. அதே 28 டிகிரியில் சிகாகோவில் நடந்தது சென்னையில் அப்படியே நடப்பதில்லை. உடம்பு, வீட்டு அமைப்பு, பருத்தித் துணி, ராத்திரி உணவு எல்லாம் சேர்ந்து எந்த அளவு காக்குது, எந்த வெப்பத்துக்கு மேல் காக்காதுன்னு நம்ம ஊர்களுக்குத் தனியாக அளந்து பார்க்க வேண்டியதுதான். தூக்கம் மட்டும் சூட்டுக்கு முழுசாகப் பழகுவதில்லை, அதில் உங்களோடு ஒத்துப்போறேன்.

முகப்பு வளவு
நம்ம பாட்டன் கட்டின வீட்டில் பதில் இருக்கே! உயரமான கூரை, ஒன்றரை அடிச் சுவர், நடுவில் வளவு, முகப்பில் இருந்து பின்கட்டு வரை ஒரே நேர்க்கோட்டில் வாசல், காலுக்கு ஆத்தங்குடிக் கல். இதையே சென்னையில் கட்டினால் ஏ.சி. எதுக்கு?

ஈரக்குமிழ்
ஆசை நல்லதுதான், பாதி மட்டும் அங்கே வேலை செய்யும். கனத்த சுவர் பகல் சூட்டைத் தாமதப்படுத்தி இரவில் வெளியேற்றுகிறது. அது மறுநாளைக்கு மறுபடி தயாராக, இரவு நன்றாகக் குளிர வேண்டும். காரைக்குடியில் பகலுக்கும் இரவுக்கும் பதினொரு டிகிரி இடைவெளி, வளவு வழியாக வானமும் வறண்டு தெரிகிறது, அதனால் சுவர் ஆறுகிறது. சென்னையில் இடைவெளி எட்டுதான், வானமும் ஈரத்தால் மூடிய மாதிரி. கனத்த சுவர் பல நாளாக ஆறாமல் மெல்லச் சூட்டைத் தேக்கிவிடும். கடலோரத்துக்கு நிழல் தரும் நீண்ட தாழ்வாரமும், சீக்கிரம் ஆறும் மெல்லிய கூரையும், குறுக்கே ஓடும் காற்றும் அதிகம் உதவும். வாசல்கள் ஒரே நேரில் வருவது மட்டும் எந்த ஊருக்கும் பொருந்தும்.

பள்ளத்தூர் மேஸ்திரி
இதை நான் ஏத்துக்கல. காத்தோட்டத்துக்கு வளவு எந்த ஊரிலும் நல்லதுதான். மேலே திறந்திருந்தா சூடு மேலே போகும். ஆனா ஃப்ளாட்காரருக்கு வளவு பேசி என்ன பண்ண? தளத்தைப் பேசுவோம். மேல் மாடித் தளத்துக்கு மாசிக்குள்ள சுண்ணாம்பு ரெண்டு கோட் அடிங்க, மரக்கோந்து கலந்து. ஒரு மழைக்காலம் தாங்கும், அடுத்த வருஷம் மறுபடி அடிக்கணும். முதல்ல தளத்தைத் தூசி போகக் கழுவிடணும், இல்லாட்டி பொருக்கு பொருக்கா உரிஞ்சிடும். இப்போ வைகாசி வந்தாச்சு, கூரையில் சாயங்காலம் தண்ணி தெளிச்சா கேக்குமா?

ஈரக்குமிழ்
கேட்கும், அளவோடு. 100 சதுர அடி, 5 அங்குலத் தளம் ஒரு டிகிரி இறங்க ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வேண்டும். ஊற்றினது கணக்கில்லை, ஆவியானதுதான் கணக்கு. 400 சதுர அடிக்கு ஐந்து டிகிரி இறக்க 20 லிட்டர் ஆவியாகணும். ஐந்தரை மணிக்கு, தளம் சுடும்போதே மெல்லத் தெளித்துப் பரப்ப வேண்டும். தளம் 45 டிகிரியில் இருக்கும்போது ஈரக்காற்றிலும் ஆவியாகும். ஒன்பது மணிக்குத் தெளித்தால் தளம் ஓரளவு ஆறியிருக்கும், ஆவியாகும் வேகம் போய்விடும். விரிசல் உள்ள தளத்தில் இதைச் செய்யவே கூடாது, கம்பி துருப்பிடிக்கும்.

கல்லுக்கட்டி
தம்பி நேத்து ஒரு சின்ன டிஜிட்டல் ஈரமானி வாங்கி அளந்து அனுப்பியிருக்கான். அப்பச்சி படுக்கும் அறை: இரவு 11 மணிக்கு 32.4 டிகிரி, 72 சதவீதம். விடியற்காலை 4 மணிக்கு 31.6, 75. அதே நேரம் ஜன்னலுக்கு வெளியே 28.5, 88. வெளியே ஈரம் அதிகம் என்று ஜன்னலை அடைச்சுத்தான் வைத்திருக்கிறார்கள். சரிதானே?

ஈரக்குமிழ்
தவறு. இந்த மூன்று எண்களையும் பனிநிலையாக மாற்றிப் பாருங்கள். ஈரப்பதம் 50-க்கு மேல் இருந்தால் ஒரு எளிய கணக்கு உண்டு: நூறில் இருந்து ஈரப்பதத்தைக் கழித்து, ஐந்தால் வகுத்து, வெப்பநிலையில் இருந்து கழியுங்கள். அறை 11 மணிக்கு 32.4 − 5.6 = 26.8. நாலு மணிக்கு 31.6 − 5 = 26.6. வெளியே 28.5 − 2.4 = 26.1. காற்றில் நீர் உள்ளேயும் வெளியேயும் ஏறக்குறைய ஒன்றுதான், வெளியே சற்றுக் குறைவு. 88 என்ற எண் பயமுறுத்தினாலும் வெளிக்காற்றைக் கொண்டுவந்தால் அறையில் ஈரம் கூடாது. அடைத்து வைத்ததால் வந்தது மூன்று டிகிரி கூடுதல் சூடு, அது தளத்தில் இருந்து வருவது.

இதற்குச் செய்ய வேண்டியது: ஜன்னல்களை மாலை ஏழு மணியில் இருந்து திறக்கட்டும். ஒரு டேபிள் ஃபேனை ஒரு ஜன்னலில் வெளியே பார்த்து வைத்து உள்ளே இருக்கும் அனலைத் தள்ள வேண்டும், எதிர்ப்பக்க ஜன்னலோ கதவோ திறந்திருக்க வேண்டும். கொசுவலையில் தூசி அடைந்திருந்தால் கழுவுங்கள், அது காற்றைப் பெரிதும் தடுக்கும். இன்னொரு ஃபேன் படுக்கையில் அப்பச்சி மேலேயே நேராக வீசட்டும். படுக்குமுன் கை, கால், கழுத்தை நனைத்துத் துடைக்காமல் விட்டால் வியர்வையின் வேலையை அந்த நீர் செய்யும்.

ஏ.சி. இருந்தால் அறையை மூடி 26-ல் வைத்து மின்விசிறியும் ஓட்டினால் போதும். பிசுபிசுப்பு போகாவிட்டால் பெரும்பாலும் அறைக்கு ஏ.சி. பெரிதாக இருக்கும். சீக்கிரம் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும், ஈரத்தைப் பிழிய நேரம் கிடைக்காது. டிரை மோடில் போட்டுப் பார்க்கலாம். வடிகால் குழாயில் தண்ணீர் சொட்டுகிறதா என்று பாருங்கள், ஓடி ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் சொட்டாவிட்டால் ஈரம் இறங்கவில்லை.

முகப்பு வளவு
எல்லோரும் ஏ.சி. போட்டால் வெளிக்காற்று இன்னும் சூடாகி, இல்லாதவன் வீடுதானே கொதிக்கும்?

ஈரக்குமிழ்
ஆமாம், தள்ளுகிற அனல் எங்கும் போகாது. நெருக்கமான தெருவில், காற்று நின்ற இரவில் அது தெரியும். ஆனால் 74 வயசுக்காரருக்கு அந்தக் காரணத்துக்காக ஏ.சி. வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. தளத்தை வெள்ளையாக்கினால் ஏ.சி. ஓடும் நேரமாவது குறையும்.

நாச்சியா
தரைத்தளத்தில் உறவினரோ அறையோ இருந்தால் இந்த வாரம் ராத்திரி மட்டும் அப்பச்சியை அங்கே படுக்க வைங்க. மேல் தளத்துச் சூட்டுக்கு அதைவிட விரைவான மருந்து இல்லை.

கல்லுக்கட்டி
கீழே வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில் ஒரு அறை காலியாம், தம்பி கேட்டுக்கிட்டு இருக்கான். அங்கேயும் ஈரமானியை வைத்து 11 மணிக்கும் 4 மணிக்கும் எடுத்துப் போடுகிறேன்.